ஏப்ரல் கணக்கில் நுழைந்த மே முதல் தேதி

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் இரண்டு வருஷமாக ஓடுகிறது. 2025 மே 3, சனிக்கிழமை காலையில் அந்தக் கடையின் கணக்குப்பிள்ளை போன் செய்தார்.

"தம்பி, ஏப்ரல் கணக்கு இடிக்குது. சிட்டையை விட கம்ப்யூட்டர் 37,480 ரூபாய் கூடக் காட்டுது. நான் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்துட்டேன். சிட்டை சரியாத்தான் இருக்கு."

அவர் கூட்டினால் தப்பாது. அதோடு இது சும்மா விட்டுவிடக்கூடிய வித்தியாசம் இல்லை. நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து பூ கொண்டுவரும் விவசாயிகளில் சிலருக்கு இந்தக் கடையில் மாதக் கணக்கு. மாதம் முடிந்ததும் என் அறிக்கையில் வரும் தொகையில் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைப் பட்டுவாடா செய்வார்கள். அறிக்கை கூடக் காட்டினால் கடைக்கு நஷ்டம், குறைத்துக் காட்டினால் விவசாயிக்கு நஷ்டம். பட்டுவாடாவை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

முதலில் அறிக்கையை மூன்று விதமாக எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் மட்டும் ஒன்று, மே 1 முதல் 3 வரை ஒன்று, ஏப்ரல் 1 முதல் மே 3 வரை சேர்த்து ஒன்று. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வரவேண்டும். வரவில்லை. கூட்டுத்தொகை 37,480 ரூபாய் அதிகமாக இருந்தது. இது எனக்குப் பெரிய துப்பு. எங்கோ ஒரு பில் தப்பான தொகையோடு பதிவாகியிருந்தால் மூன்று அறிக்கையிலும் அதே தப்புத்தான் வரும், கூட்டல் பொருந்திவிடும். பொருந்தவில்லை என்றால் சில பதிவுகள் இரண்டு மாதத்திலும் எண்ணப்படுகின்றன. அப்படியானால் குற்றம் பதிவுகளில் இல்லை, இரண்டு மாதங்களுக்கும் நடுவே நான் போட்ட எல்லைக்கோட்டில் இருக்கிறது.

டேட்டாபேஸ் எஸ்.க்யூ.எல். சர்வர். `bills` டேபிளில் `bill_time` என்ற ஃபீல்டு, வகை `datetime`. ஏப்ரல் அறிக்கையின் குவெரி இப்படி இருந்தது:

```sql
SELECT SUM(amount)
FROM bills
WHERE bill_time BETWEEN '20250401'
                    AND '20250430 23:59:59.999';
```

கடைசியில் இருக்கும் அந்த .999 ஏன் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். முன்பு அங்கே 23:59:59 என்று மட்டும்தான் இருந்தது. இந்தக் கடைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வேன் வர ஆரம்பித்துவிடும். தராசில் மூட்டை இறங்க இறங்க பில் விழுந்துகொண்டே இருக்கும். மார்ச் 31 ராத்திரி ஒரு பில் 23:59:59.613 என்ற நேரத்தில் விழுந்தது. அந்த நேரம் 23:59:59-ஐத் தாண்டிவிட்டது, ஆனால் ஏப்ரல் இன்னும் பிறக்கவில்லை. அதனால் அந்த பில் மார்ச் அறிக்கையிலும் வரவில்லை, ஏப்ரலிலும் வரவில்லை. கணக்குப்பிள்ளை அப்போதும் கண்டுபிடித்துச் சொன்னார். கடைசி நொடிக்குள் ஒரு இடைவெளி இருக்கிறது, அதை அடைத்துவிடலாம் என்று நினைத்து .999 சேர்த்தேன். மார்ச் கணக்கு ஒத்துப்போனது. அதோடு விட்டுவிட்டேன். இப்போது வந்த குழப்பம் அந்தத் திருத்தத்திலிருந்துதான் முளைத்தது.

கடையில் உட்கார்ந்தபடியே ஒரு வரி ஓட்டிப் பார்த்தேன்:

```sql
SELECT CAST('20250430 23:59:59.999' AS datetime);
-- 2025-05-01 00:00:00.000
```

நான் எழுதியது ஏப்ரல் 30. டேட்டாபேஸ் படித்துக்கொண்டது மே 1, நள்ளிரவு.

கணக்குப்பிள்ளைக்கு இதைப் புரியவைக்க அங்கேயே ஒரு பொருள் இருந்தது. கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு 5 கிராம் 5 கிராமாகத்தான் காட்டும். 999 கிராம் பூவை வைத்தால் திரையில் 999 வராது, 1.000 கிலோ என்று வரும். `datetime` என்பதும் அப்படி ஒரு தராசுதான். ஒரு நொடியை அது 300 பங்காகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஆகையால் மில்லிநொடியின் கடைசி இலக்கம் 0, 3, 7 இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கமுடியும். ஒரு நாளில் அதனால் சொல்லமுடிந்த கடைசி நேரம் 23:59:59.997. அதற்கு அடுத்த படி மறுநாள் 00:00:00.000. என்னுடைய .999 இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது, மறுநாளுக்குத்தான் பக்கம், எனவே அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. `BETWEEN` இரண்டு முனைகளையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் என்பதால், மே 1 நள்ளிரவு 00:00:00.000 என்று பதிவான எல்லாமே ஏப்ரலில் நுழைந்துவிடும்.

சரி, ஆனால் மிகச்சரியாக நள்ளிரவு பன்னிரண்டு மணி, சுழியம் மில்லிநொடிக்கு எத்தனை பில் விழுந்துவிடப் போகிறது? தராசிலிருந்து வரும் பில்லாக இருந்தால் வருஷத்துக்கு ஒன்று விழுந்தாலே அதிகம். 37,480 ரூபாய்க்கு அது காரணமாக இருக்கமுடியாது. அதனால் நள்ளிரவு நேரத்தோடு டேபிளில் என்னென்ன இருக்கிறது என்று நாள்வாரியாகக் கேட்டேன்:

```sql
SELECT CAST(bill_time AS date) AS d,
       COUNT(*) AS n, SUM(amount) AS amt
FROM bills
WHERE CAST(bill_time AS time) = '00:00:00'
GROUP BY CAST(bill_time AS date)
ORDER BY d;
```

ஏப்ரல் பாதி வரைக்கும் ஒன்றுமே இல்லை. அப்புறம் கிட்டத்தட்ட தினமும் நாலு, ஐந்து, ஏழு என்று வரிசையாக வந்தது. மே 1-க்கு நேரே 6 பதிவுகள், தொகை 37,480.

கணக்குப்பிள்ளையிடம் திரையைக் காட்டினேன். அவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "இது துண்டுச்சீட்டு தம்பி. அந்தப் பக்கத்துத் தராசு." ஏப்ரல் நடுவில் கூட்டம் அதிகமானதால் கடைக்கு வெளியே இரண்டாவது தராசு ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. பையன் துண்டுச்சீட்டில் எடையும் விலையும் எழுதி வைப்பான். காலையில் கணக்குப்பிள்ளை அந்தச் சீட்டுகளைத் தேதி போட்டு என் மென்பொருளில் ஏற்றிவிடுவார். ஏற்றும் திரையில் தேதி மட்டும்தான் கேட்கிறேன், நேரம் கேட்பதில்லை. தேதியை மட்டும் கொடுத்தால் `datetime` தானாகவே 00:00:00.000 என்ற நேரத்தைப் போட்டுக்கொள்ளும். ஆக, கையால் ஏற்றிய ஒவ்வொரு சீட்டும் அந்த நாளின் முதல் படியில், எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மே 1-ன் ஆறு சீட்டுகளையும் சிட்டையோடு வைத்துப் பார்த்தோம்: 8,200, 5,640, 7,150, 4,890, 6,300, 5,300. கூட்டினால் 37,480. ஒரு ரூபாய் பிசகவில்லை.

மார்ச் கணக்கைத் திருத்தியபோது இது ஏன் தெரியவில்லை என்பதும் இதில் விளங்கிவிட்டது. ஏப்ரல் 1-ல் துண்டுச்சீட்டே கிடையாது. எல்லைக்கோட்டில் ஒருவரும் நிற்காத மாதத்தில் கோடு எங்கே போட்டிருந்தாலும் விடை சரியாகவே வரும். இந்த மாதிரிக் குவெரியைச் சோதிக்கும்போது நான் இப்போது செய்வது, மாதத்தின் முதல் நாள் சரியாக 00:00:00-க்கு ஒரு பதிவும், அதற்கு முந்தின நாளின் கடைசி நொடிக்குள் ஒரு பதிவும் வேண்டுமென்றே போட்டுவிட்டு, ஒவ்வொன்றும் ஒரே ஒரு மாதத்தில் வருகிறதா என்று பார்ப்பது.

இனி திருத்தம். முதலில் மனதில் வந்தது .999-ஐ .997 ஆக்கிவிடுவது. இன்றைக்கு அது சரியாகவே ஓடும். ஆனால் அது இந்த ஃபீல்டின் வகையை நம்பி நிற்கிற விடை. நாளைக்கு யாராவது `bill_time`-ஐ `datetime2` ஆக மாற்றினால் அது ஒரு நொடியின் ஏழு தசம இலக்கம் வரை வைத்துக்கொள்ளும், .997-க்கு அப்புறம் மறுபடியும் ஒரு சந்து திறந்துவிடும். `smalldatetime` ஆக இருந்தாலோ இன்னும் மோசம். அதற்கு நிமிடத்துக்குக் கீழே எதுவும் தெரியாது, ஆகவே 23:59:59 என்று எழுதினாலே மறுநாளுக்கு உருட்டிவிடும். ஒரே வரி, ஃபீல்டின் வகைக்கு ஏற்ப மூன்று அர்த்தம். மாதத்தின் கடைசிக் கணம் எது என்ற கேள்விக்கே நிலையான பதில் இல்லை, அதைத் தேடிக்கொண்டிருப்பதுதான் பிழை என்று அப்போது எனக்கு உறுதியானது.

அடுத்த மாதத்தின் முதல் கணம் எது என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான். மே 1, 00:00. எந்த வகை ஃபீல்டாக இருந்தாலும் அந்தக் கணத்தை அப்படியே சொல்லமுடியும், உருட்ட வேண்டியதில்லை. அதனால் மாதத்தை அதன் தொடக்கத்திலிருந்து, அடுத்த மாதத்தின் தொடக்கத்துக்கு முன்பு வரை என்று எழுதவேண்டும். தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. பள்ளிக் கணக்கில் ஒரு முனை மூடி, ஒரு முனை திறந்த இடைவெளி என்று படித்தோமே, அதுதான்.

```sql
DECLARE @from date = DATEFROMPARTS(@y, @m, 1);
DECLARE @next date = DATEADD(month, 1, @from);

SELECT SUM(amount)
FROM bills
WHERE bill_time >= @from
  AND bill_time <  @next;
```

மே 1 நள்ளிரவுச் சீட்டு `< @next` என்பதில் தோற்று ஏப்ரலை விட்டு வெளியே போகும். மே அறிக்கையில் அதே தேதி `@from` ஆக வரும், `>=` அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். மார்ச் 31-ன் 23:59:59.613 பில்லும் ஏப்ரல் 1-க்குக் குறைவானதுதான், எனவே மார்ச்சில் சேரும். ஒரு மாதம் முடியும் அதே புள்ளியில் அடுத்தது தொடங்குவதால் நடுவே சந்தும் இல்லை, மேலே ஏறுவதும் இல்லை. மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, பிப்ரவரி 28-ஆ 29-ஆ என்ற கேள்வியும் போய்விட்டது. டிசம்பருக்கு ஒரு மாதம் கூட்டினால் `DATEADD` தானே அடுத்த வருஷ ஜனவரிக்குப் போய்விடும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரு மாதம் கூட்டுவதை முதல் தேதியிலிருந்துதான் செய்யவேண்டும். ஜனவரி 31-க்கு ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28 அல்லது 29 வரும். அதை எல்லையாக வைத்தால் மாதத்தின் கடைசி நாள் முழுக்கக் கழன்றுபோகும். அதனால்தான் வருஷமும் மாதமும் மட்டும் வாங்கி, 1 என்பதை நானே போடுகிறேன். தேதியை எழுத்தாக எழுதவேண்டிய இடங்களில் 20250401 என்று கோடில்லாமல் எழுதுவதற்கும் காரணம் உண்டு. லாகின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால், `datetime`-க்கு 2025-04-01 என்பதை எஸ்.க்யூ.எல். சர்வர் ஜனவரி 4 என்று படித்துக்கொள்ளும். கோடில்லாமல் எட்டு இலக்கமாக எழுதினால் எந்த மொழியிலும் ஏப்ரல் 1-தான்.

உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போனில் இன்னொரு வழி சொன்னார்: `YEAR(bill_time) = 2025 AND MONTH(bill_time) = 4`. விடையைப் பொறுத்தவரை அதில் தப்பே இல்லை, எல்லைப் பிரச்சினையும் வராது. ஆனால் `bill_time` மேல் நான் இண்டெக்ஸ் போட்டிருக்கிறேன். ஃபீல்டை `YEAR`, `MONTH` என்று சுற்றிக் கட்டிவிட்டால் டேட்டாபேஸால் இண்டெக்ஸில் ஏப்ரல் தொடங்கும் இடத்துக்கு நேரே போகமுடியாது. ஒவ்வொரு பதிவாக எடுத்து, அதன் மாதத்தைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டே போகும். ஓடும் திட்டத்தைத் திறந்து பார்த்தேன், அதில் Index Scan என்று இருந்தது. என் குவெரிக்கு Index Seek. ஃபீல்டைத் தொடாமல் விட்டுவிட்டு, எல்லைகளை மட்டும் கணக்கிட்டுக் கொடுத்ததன் பலன் அது.

குவெரியை மாற்றியதோடு வேலை முடியவில்லை. மென்பொருளில் மொத்தம் 11 அறிக்கைகள். ஒவ்வொன்றிலும் 23:59 என்று தேடி மாற்றினேன். மாற்றி முடித்து, ஏப்ரல் 1 முதல் 30 வரை என்று திரையில் கொடுத்து ஓட்டினால், தொகை முன்பை விடப் பல லட்சம் கூட வந்தது. மே 1 முழுவதுமே ஏப்ரலில் வந்துவிட்டது. காரணம் தேடியதில், திரைக்கான நிரலில் முடிவுத் தேதிக்கு ஒரு நாள் கூட்டியிருந்தேன், உள்ளே ஸ்டோர்டு ப்ரொசீஜரிலும் ஒரு நாள் கூட்டியிருந்தேன். இரண்டு நாள் ஆகிவிட்டது.

இந்த ஒரு நாளை எங்கே கூட்டுவது என்பது உண்மையிலேயே யோசிக்கவேண்டிய விஷயம். கடையில் இருப்பவர்களுக்கு "01-04-2025 முதல் 30-04-2025 வரை" என்றால் முப்பதாம் தேதியும் சேர்த்துத்தான். அதுதான் தமிழில் "வரை" என்பதற்கு எல்லோரும் எடுத்துக்கொள்ளும் அர்த்தம். அறிக்கையின் தலைப்பில் "01-05-2025 வரை" என்று அச்சிட்டால் கணக்குப்பிள்ளை குழம்பிப்போவார், விவசாயி சண்டைக்கு வருவார். ஆகவே திரையிலும் தாளிலும் முப்பதாம் தேதிதான் இருக்கவேண்டும். அதை டேட்டாபேஸுக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரே ஒரு இடத்தில், ஒரு நாள் கூட்டி `@next` என்ற பெயரில் அனுப்புகிறேன். பெயரையும் வேண்டுமென்றே மாற்றினேன். முன்பு `@to` என்று இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்தால் கை தானாகவே `<=` போடுகிறது. `@next` என்றால் அது மாதத்துக்கு வெளியே இருக்கும் தேதி என்பது படித்ததுமே தெரிகிறது.

சொல்லி வைத்தாற்போல, 11 அறிக்கைகளில் ஒன்றில் `<=` அப்படியே இருந்துவிட்டது. விவசாயிவாரி அறிக்கை. எல்லைத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறேன், குறியை மாற்றவில்லை. இந்தப் பாதித் திருத்தம் பழைய பிழையையே வேறு உருவத்தில் கொண்டுவருகிறது: தராசு பில் எல்லாம் சரியாக வரும், துண்டுச்சீட்டு மட்டும் இரண்டு மாதத்திலும் வரும். நிலக்கோட்டை விவசாயி ஒருவருக்கு ஏப்ரல் தொகை சிட்டையை விட 5,640 கூட நின்றபோதுதான் பிடித்தேன். அந்த எண் காலையில் பார்த்த ஆறு சீட்டில் ஒன்று என்பதால் உடனே அடையாளம் தெரிந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எல்லாம் ஒத்துப்போனது. மூன்று அறிக்கைகளையும் மறுபடி எடுத்தேன். ஏப்ரலும் மேயின் மூன்று நாளும் கூட்டினால், சேர்த்து எடுத்ததற்குச் சரியாக வந்தது. கணக்குப்பிள்ளை சிட்டையை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"முப்பதாம் தேதி ராத்திரி வந்த வேன் தம்பி அது. பன்னிரண்டரைக்குப் பில் போட்டா மே கணக்குல போயிடுதே. எங்களுக்கு அது முந்தின ராத்திரி வியாபாரம்தானே?"

நியாயமான கேள்வி. வழி இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு எல்லைகளையும் ஒரே அளவு தள்ளினால் போதும். ஒன்றாம் தேதி காலை பத்து மணியிலிருந்து அடுத்த ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு முன்பு வரை என்று மாதத்தை வைத்துக்கொள்ளலாம். `>=`, `<` இரண்டும் அப்படியே இருக்கும், சந்து விழாது. ஆனால் துண்டுச்சீட்டு இதில் மாட்டிக்கொள்ளும். மே 1 என்று தேதி போட்ட சீட்டு 00:00-ல் உட்கார்ந்திருப்பதால், காலை பத்துக்கு முந்தியது என்று ஏப்ரலுக்குப் போய்விடும். அந்த மாதிரி செய்வதானால் பில் நேரத்தை விட்டுவிட்டு, எந்த நாள் வியாபாரம் என்பதற்கு `date` வகையில் தனி ஃபீல்டு ஒன்று வைத்து, கம்ப்யூட்டர் பில்லுக்கும் சீட்டுக்கும் ஒரே விதமாக அதை நிரப்பவேண்டும். இதற்குக் கடைக்காரர்தான் முடிவு சொல்லவேண்டும், குவெரியால் சொல்லமுடியாது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சிட்டையில பன்னிரண்டு மணிக்குத்தான் பக்கம் திருப்புறேன். அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே விட்டுவிட்டோம்.

ஜூன் 2, திங்கட்கிழமை மறுபடியும் கடைக்குப் போனேன். ஜூன் 1-ல் நான்கு துண்டுச்சீட்டுகள் ஏறியிருந்தன. மே அறிக்கையில் அந்த நான்கில் ஒன்றும் இல்லை, ஜூனில் நான்கும் இருந்தன. மே தொகையைக் கணக்குப்பிள்ளை சிட்டையின் கடைசிப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு, பட்டுவாடாவுக்கு நோட்டை எண்ண ஆரம்பித்தார்.